கூடுதலாகப் போன 15,400 ரூபாயும் தொடக்கூடாத 10,500 ரூபாயும்: ஒரு சம்பளப் பிடித்தத்தின் நிகழ்வு ஆய்வு

கோவைப் பக்கம் ஒரு தனியார் தொழிற்சாலையின் சம்பளப் பிரிவில் நான் வேலை பார்த்தபோது நடந்தது இது. ஒரு தொழிலாளிக்கு எங்கள் தவறால் 7 மாதம் கூடுதல் சம்பளம் போய்விட்டது. அதைத் திரும்பப் பிடிக்க ஓராண்டு ஆனது. சம்பளக் கணக்கு பார்க்கிற மற்றவர்களுக்கு உதவும் என்பதற்காக, நாங்கள் சரியாகச் செய்ததையும் சறுக்கியதையும் வரிசையாக எழுதுகிறேன். ஆட்களின் பெயரோ நிறுவனத்தின் பெயரோ இதில் இல்லை.

பின்னணி

அவருக்கு 40 வயதுக்கு மேல். எந்திரப் பிரிவில் பல ஆண்டுகளாக நிரந்தர இரவு ஷிப்ட். அதனால் அவருக்கு இரவுப்படியை வந்த இரவுகளை எண்ணிக் கொடுக்காமல், மாதம் 2,200 ரூபாய் என்று மென்பொருளில் நிலையான தொகையாகவே ஏற்றி வைத்திருந்தோம். எனக்கு முன்னால் இருந்தவர்கள் செய்த ஏற்பாடு அது. வசதியாக இருந்ததால் நானும் அதை மாற்றவில்லை.

சர்க்கரை நோய் இருப்பதால் இரவு வேலை வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். 2023 மார்ச் 1 முதல் அவரைப் பொது ஷிப்டுக்கு மாற்றினார்கள். மாற்றல் தாள் நேரப் பதிவு அலுவலகத்துக்குப் போனது, சம்பளப் பிரிவுக்கு வரவில்லை. மார்ச் முதல் செப்டம்பர் வரை 7 மாதமும் இரவுப்படி அவர் கணக்கில் ஏறிக்கொண்டே இருந்தது.

அவருக்குத் தெரிந்திருக்காதா என்று கணக்குப் பிரிவில் முதலில் கேட்டார்கள். அந்த ஆண்டு ஜனவரியில்தான் தொழிற்சங்கத்தோடு புதிய ஊதிய ஒப்பந்தம் போட்டு எல்லோருக்கும் சம்பளம் கூடியிருந்தது. சம்பளச் சீட்டில் இரவுப்படி `NSA` என்ற மூன்றெழுத்தாக மட்டும்தான் இருக்கும். கைக்கு வரும் தொகை குறையாததை ஒப்பந்தத்தில் கூடிய பணம் ஈடுகட்டுகிறது என்று அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். அதை நான் நம்புகிறேன். அந்தச் சீட்டைப் பார்த்து வேறு மாதிரி புரிந்துகொள்ள அவருக்கு வழியே இல்லை.

கண்டுபிடித்தது

2023 அக்டோபர் முதல் வாரத்தில் தீபாவளி போனஸ் பட்டியலுக்காக வருகைப் பதிவேட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு வரியில் மார்ச் முதல் இரவு நாள்கள் எல்லா மாதமும் பூஜ்யம், பக்கத்துப் பத்தியில் இரவுப்படி 2,200. அப்படித்தான் கண்ணில் பட்டது.

உடனே எல்லோருடைய இரவுப்படியையும் பதிவேட்டோடு ஒப்பிட்டோம். இதே போல வேறு யாருக்கும் கூடுதலாகப் போகவில்லை. ஆனால் பகலிலிருந்து இரவுக்கு மாறிய ஒருவருக்கு 2 மாதமாகப் படி போகாமலே இருந்தது. அவருக்கு மறுநாளே மொத்தமாகக் கொடுத்தோம். நாம் கொடுக்க வேண்டியதை ஒரே நாளில் கொடுக்க முடிகிறது, நமக்கு வர வேண்டியதை மட்டும் அப்படி வாங்க முடியாது என்பது அந்த வாரம்தான் எனக்கு முழுதாக உறைத்தது.

எவ்வளவு திரும்பப் பெற வேண்டும்

2,200 வீதம் 7 மாதத்துக்கு 15,400. ஆனால் அந்தத் தொகை முழுதும் அவர் கைக்குப் போகவில்லை. அவருடைய வழக்கமான மொத்தச் சம்பளம் 18,000. அதில் அடிப்படையும் பஞ்சப்படியும் 15,000, வீட்டு வாடகைப்படி 3,000. இஎஸ்ஐ பிடித்தம் 0.75 சதவீதம், 18,000-க்கு 135 ரூபாய். இரவுப்படியும் சேர்ந்த 20,200-க்கு 152 ரூபாய் பிடித்திருந்தோம். ஆக, மாதம் 17 ரூபாய் இஎஸ்ஐக்குப் போயிருக்கிறது. 15,000-க்கு மேல் பிஎஃப் பிடிக்கும் வழக்கம் எங்களிடம் இல்லாததால் அதில் மாற்றமில்லை. அவர் கையில் உண்மையில் கூடுதலாகச் சேர்ந்தது மாதம் 2,183, மொத்தம் 15,281.

119 ரூபாய் வித்தியாசம்தானே என்று விட்டுவிடலாம். ஆனால் கையில் வாங்காத பணத்தைத் திருப்பிக் கேட்பது தவறு. தொகை பெரிதாகி வருமான வரியும் பிடிக்கப்பட்டிருந்தால் இந்த வித்தியாசம் ஆயிரக்கணக்கில் போகும். 15,281-ஐ மட்டும் கேட்பது, 119-ஐ நிறுவனம் ஏற்றுக்கொள்வது என்று முடிவு செய்தோம்.

முதலில் வந்த யோசனைகள்

கணக்குப் பிரிவு மேலாளர் சொன்ன முதல் வழி, போனஸில் கழித்துவிடுவது. பணம் ஒரே நாளில் வந்துவிடும், மாதச் சம்பளத்தைத் தொட வேண்டாம் என்பது அவர் நியாயம். ஆனால் போனஸ் சட்டம் இதற்கு இடம் தரவில்லை. வழக்கமாகக் கொடுக்கும் பண்டிகைப் போனஸையோ முன்கூட்டிக் கொடுத்த போனஸையோ கழித்துக்கொள்ளலாம். தொழிலாளியின் முறைகேட்டால் நட்டம் வந்திருந்தால் அந்த ஆண்டுப் போனஸில் பிடிக்கலாம். நம் கவனக்குறைவால் போன சம்பளம் இரண்டிலும் சேராது. அந்த யோசனையை அங்கேயே கைவிட்டோம்.

இரண்டாவது வழி, 3 மாதத்தில் பிடிப்பது. மாதம் 5,094 ரூபாய். 1936-ஆம் ஆண்டு ஊதியப் பட்டுவாடாச் சட்டம் அப்போது நடைமுறையில் இருந்தது. மாதம் 24,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குவோருக்கு அது பொருந்தியது. கூடுதலாகக் கொடுத்த சம்பளத்தைச் சரிக்கட்டப் பிடித்தம் செய்யலாம் என்று அதன் 7-ஆம் பிரிவு அனுமதித்தது. எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. ஆனால் கூட்டுறவுச் சங்கக் கடன் போன்ற பிடித்தம் இருந்தால் 75 சதவீதம் வரை போகலாம் என்று இருந்தது.

இங்கேதான் சிக்கல். அவருக்குக் கூட்டுறவுச் சிக்கன நாணயச் சங்கக் கடன் இருந்தது, மாதத் தவணை 2,500. அதனால் அவருக்கு வரம்பு 75 சதவீதம் ஆகிவிட்டது. ஏற்கெனவே கடன் இருக்கிறவருக்குக் கூடுதலாகப் பிடிக்கலாம் என்ற விசித்திரமான நிலை. அவருடைய மாதக் கணக்கு இது: பிஎஃப் 1,800, இஎஸ்ஐ 135, சங்கத் தவணை 2,500, கேன்டீன் 450, தீபாவளி முன்பணத் தவணை 1,000. மொத்தம் 5,885 போக, கைக்கு 12,115. இதில் மேலும் 5,094 பிடித்தால் பிடித்தம் மொத்தச் சம்பளத்தில் 61 சதவீதம். சட்டப்படி தவறில்லை. கைக்கு மிஞ்சுவது 7,021.

7,021-ஐ வைத்து அந்த வீடு மூன்று மாதம் எப்படி ஓடும் என்று யாரும் கேட்கவில்லை. ஒருவர் சம்பளத்தில் இவ்வளவுக்கு மேல் பிடிக்காதே என்று சட்டம் போடுவது மேல்வரம்பு. அவர் கையில் இவ்வளவாவது நிற்க வேண்டும் என்பது கீழ்வரம்பு. மேல்வரம்பை மதித்துவிட்டால் கீழ்வரம்பும் தானாகக் காப்பாற்றப்படும் என்று நினைத்ததுதான் எங்கள் அலுவலகத்தில் அன்றைக்கு இருந்த பிழை.

தொடக்கூடாத தொகையை முடிவு செய்தது

அவரைக் கூப்பிட்டுப் பேசினோம். நிர்வாகத்தின் தவறு என்பதை முதல் வாக்கியத்திலேயே சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: “கூட வந்துச்சுன்னு இப்பத்தானுங்க சார் தெரியுது. வாங்கின காசு, குடுத்துடறேனுங்க. ஒரே மாசத்துல மட்டும் புடிச்சுடாதீங்க.”

தொழிற்சங்கப் பிரதிநிதி உடன் இருந்தார். முழுதாகத் தள்ளுபடி செய்யுங்கள் என்று கேட்டார். 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரஃபீக் மசீஹ் வழக்கில் சொன்னதை எடுத்துக்காட்டினார். மூன்றாம், நான்காம் நிலை ஊழியர்களிடமும், ஓய்வு பெற்றவர்கள், ஓராண்டுக்குள் ஓய்வு பெறப் போகிறவர்களிடமும், 5 ஆண்டுக்கு மேல் போய்விட்ட கூடுதல் தொகையையும் திரும்பப் பிடிக்கக் கூடாது என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. அது அரசு ஊழியர்கள் பற்றியது, எங்களை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் அந்தத் தீர்ப்பின் அடிநாதம், கொடுத்தவர் தவறால் போன பணத்தை வாங்கியவரை நசுக்கித் திரும்ப எடுக்கக் கூடாது என்பதுதான். நிர்வாகம் தள்ளுபடிக்கு ஒப்பவில்லை. எவ்வளவு மெதுவாக வேண்டுமானாலும் பிடிக்கலாம் என்றார்கள். அந்தக் கதவு திறந்ததே சங்கப் பிரதிநிதி அந்தத் தீர்ப்பைப் பேசியதால்தான்.

மாதம் எவ்வளவு பிடிப்பது என்று தொடங்காமல், எவ்வளவு விட்டுவைப்பது என்று தொடங்கினோம். ஒரு வெள்ளைத் தாளில் தள்ளிப்போட முடியாத செலவை அவரே சொல்லச் சொல்ல எழுதினேன். வீட்டு வாடகை 4,000. மளிகை, காய்கறி 3,200. அரிசி ரேஷனில் வந்துவிடும். பாலும் எரிவாயுவும் 1,200. மின்சாரம், கைபேசி 600. பேருந்தும் மருந்தும் 1,000. ஆக 10,000. மனைவி வீட்டிலிருந்து தையல் வேலை செய்கிறார், ஆனால் வருமானம் மாதத்துக்கு மாதம் மாறும் என்பதால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. கைமாற்றுக்குப் போகாமல் இருக்க 500 சேர்த்து, 10,500 ரூபாயைத் தொடக்கூடாத தொகை என்று வைத்தோம்.

12,115-இல் 10,500 போக 1,615. மாதம் 1,600 என்று முடிவானது. 9 தவணை 1,600, கடைசித் தவணை 881. மொத்தப் பிடித்தம் 7,485, அதாவது சம்பளத்தில் 42 சதவீதத்துக்கும் குறைவு. 75-ஐ விடுங்கள், பாதிக்குக்கூட வரவில்லை.

கடிதமும் தொடக்க மாதமும்

சட்டப்படி இந்தப் பிடித்தத்துக்குத் தொழிலாளியின் சம்மதம் தேவையில்லை. இருந்தாலும் தமிழில் ஒரு கடிதம் தயாரித்து, அவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே தொடங்கினோம். எந்தெந்த மாதம் எவ்வளவு கூடுதலாகப் போனது, ஏன் போனது, தவறு நிர்வாகத்துடையது, வட்டி கிடையாது, 10,500-க்குக் கீழ் போகிற மாதம் தவணை குறையும் அல்லது நிற்கும் என்று எல்லாம் அதில் இருந்தது. அவர் இடையில் வேலையை விட்டால் பாக்கியைப் பணிக்கொடையில் எடுத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் பிரிவு ஒரு வரி சேர்த்திருந்தது. பணிக்கொடையில் அப்படிக் கை வைக்க முடியாது. அந்த வரியை அடித்தேன். அப்படி நேர்ந்தால் கடைசிச் சம்பளத்தில் அதே வரம்புக்குள் பிடிப்பது, மிச்சத்தைப் பேசித் தீர்ப்பது என்று மாற்றினோம்.

2023-இல் தீபாவளி நவம்பர் 12. அக்டோபர் சம்பளம் நவம்பர் 7-ஆம் தேதி வரும். முதல் பிடித்தத்தைப் பண்டிகைக்கு ஐந்து நாள் முன்னால் செய்வதில்லை என்று நவம்பர் மாதச் சம்பளத்திலிருந்து தொடங்கினோம். நவம்பர், டிசம்பர் இரண்டும் சிக்கலில்லாமல் போயின. ஒவ்வொரு முறையும் 10,515 ரூபாய் அவர் கைக்குப் போனது.

ஜனவரியில் சறுக்கியது

2024 ஜனவரியில் அவருடைய அம்மா மருத்துவமனையில் இருந்தார். விடுப்பு தீர்ந்து 5 நாள் சம்பளமில்லா விடுப்பு. எங்கள் கணக்கில் எந்த மாதமும் 30 நாள் என்பதால் மொத்தம் 15,000. பிஎஃப் 1,500, இஎஸ்ஐ 113, மற்ற பிடித்தங்கள் வழக்கம் போல. கூடுதல் தொகைத் தவணை இல்லாமலே கைக்கு 9,437-தான். கடிதப்படி அந்த மாதம் தவணை நின்றிருக்க வேண்டும். ஆனால் மென்பொருள் 1,600-ஐப் பிடித்துவிட்டது. அவருக்குப் போனது 7,837.

காரணம் எளியது. மென்பொருளில் அதை ஒரு கடன் தவணையாக ஏற்றியிருந்தேன். கடன் தவணைக்கு மாதத் தொகை, பாக்கி என்ற இரண்டு கட்டம்தான் உண்டு. தொடக்கூடாத தொகை என்ற மூன்றாவது கட்டம் அதில் கிடையாது. கடிதத்தில் எழுதியது கணினிக்குத் தெரியாது. மாதா மாதம் நானே கையால் பார்த்துக்கொள்வேன் என்று நினைத்தேன், ஜனவரிக் கணக்கின் அவசரத்தில் பார்க்கவில்லை.

பிப்ரவரி 8 காலையில் அவர் சம்பளச் சீட்டோடும் அந்தக் கடிதத்தோடும் வந்து நின்றார். “நீங்க எழுதிக் குடுத்ததுதானுங்க சார்” என்று மட்டும் சொன்னார். அன்றே 1,600-ஐத் திருப்பிக் கொடுக்கச் சீட்டுப் போட்டோம். ஆனால் அதைக் கொடுத்தாலும் 9,437-தானே. தீபாவளி முன்பணமும் நிறுவனத்தின் பணம்தான், அதையும் ஒரு மாதம் தள்ளி வைக்கலாம் என்று கேட்டு வாங்கி, 2,600 ரூபாயாகக் கொடுத்தோம். கைக்கு 10,437 ஆனது. மீதி 63 ரூபாய்க்கு நாங்கள் ஒன்றும் செய்ய முடியவில்லை. பிஎஃப், இஎஸ்ஐ, கூட்டுறவுச் சங்கத் தவணை எதுவும் எங்கள் கையில் இல்லை. தொடக்கூடாத தொகை என்று நாம் கொடுக்கும் வாக்கு, நம் பணத்துக்கான பிடித்தங்களை மட்டும்தான் கட்டுப்படுத்தும். கடிதத்தில் இதைத் தெளிவாக எழுதாதது என் குறை.

அந்த மாதத்திலிருந்து தவணையை மென்பொருள் முடிவு செய்ய விடவில்லை. தனித் தாளில் கணக்கிட்டு, வருகிற தொகையைக் கையால் ஏற்றினோம்:

```
=MAX(0, MIN(1600, F2-10500, H2))
```

F2 என்பது தவணைக்கு முன் அந்த மாதம் கைக்கு வரும் தொகை, H2 பாக்கி. மூன்றில் எது சிறியதோ அதுதான் தவணை. கழித்தால் பூஜ்யத்துக்குக் கீழே போனால் தவணை இல்லை. சம்பளப் பட்டியல் முடிந்த பிறகு, கைக்கு வரும் தொகை 10,500-க்குக் கீழே இருக்கும் வரி எதுவும் உண்டா என்று இன்னொருவர் பார்த்த பின்பே வங்கிக்கு அனுப்புவது என்றும் வைத்துக்கொண்டோம்.

ஏப்ரல் முதல் முடிவு வரை

ஏப்ரலில் பஞ்சப்படி 500 ரூபாய் கூடியது. கைக்கு வருவது 12,611. இப்போது 2,100 பிடிக்கலாமே என்று ஒரு குரல் வந்தது. விலை ஏறியதற்காகத்தான் பஞ்சப்படி ஏறுகிறது. அதை நம் பாக்கிக்கு எடுத்துக்கொள்வது முறையல்ல என்று நான் வாதாடினேன். தவணை 1,600 ஆகவே நின்றது, தொடக்கூடாத தொகையை 10,900 ஆக்கினோம்.

ஜூனில் இன்னொரு ஓட்டை தெரிந்தது. பள்ளி திறக்கும் மாதம், இரண்டு பிள்ளைகளுக்கும் கட்டணம், சீருடை, நோட்டு. வெள்ளைத் தாளில் நாங்கள் எழுதியதெல்லாம் மாதச் செலவு. ஆண்டுக்கு ஒரு முறை வருவதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஜூன் தவணையை நிறுத்த முடியுமா என்று தயங்கிக்கொண்டே கேட்டார். நிறுத்தினோம்.

ஜூலையில் மறுபடி தொடங்கி, 2024 அக்டோபர் மாதச் சம்பளத்தில் கடைசி 881 பிடிக்கப்பட்டது. 10 தவணை, 12 மாதம். பாக்கி எதுவும் இல்லை என்று ஒரு கடிதம் கொடுத்தோம். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். இடையில் எந்தப் புகாரும் எழவில்லை. ஜனவரிப் பிடித்தத்தை எழுத்தில் கொடுத்த வாக்குக்கு மாறாகச் செய்ததாக அவர் தொழிற்சங்கத்திடம் போயிருந்தால் எங்களிடம் பதில் இருந்திருக்காது.

இன்று செய்தால் எப்படிச் செய்வேன்

இரவுப்படியை நிலையான தொகையாக வைக்கவே மாட்டேன். வருகைப் பதிவில் இரவு நாள் இருந்தால்தான் படி விழ வேண்டும். இந்த நிகழ்வுக்குப் பிறகு எங்கள் தொழிற்சாலையில் அப்படித்தான் மாற்றினோம். ஷிப்ட் மாற்றல் தாளின் ஒரு படி சம்பளப் பிரிவுக்கும் வருகிறது. சம்பளச் சீட்டில் `NSA` போய், ‘இரவுப்படி’ என்று தமிழிலும், எத்தனை இரவு என்ற எண்ணும் வந்தது. அப்படி இருந்திருந்தால் மார்ச் மாதமே அவர் வந்து கேட்டிருப்பார்.

பள்ளிக் கட்டணம், பண்டிகை, வீட்டு ஒப்பந்தம் புதுப்பிப்பது போன்ற ஆண்டுச் செலவுகளை முதல் நாளே கேட்டு, அந்த மாதங்களைத் தவணை இல்லாத மாதங்களாகக் கடிதத்தில் எழுதிவிடுவேன். தொழிலாளி தயங்கி வந்து கேட்கும்படி வைக்கக் கூடாது.

தள்ளுபடி பற்றி இன்னொரு எண்ணமும் இருக்கிறது. 7 மாதம் நாங்கள் பார்க்காமல் விட்டோம். முதல் இரண்டு மாதம் தாமதம் இயல்பு என்று கொண்டாலும், மீதி மாதங்களின் தொகையில் ஒரு பகுதியையாவது நிறுவனம் ஏற்க வேண்டும் என்று நான் எழுத்தில் கேட்டிருக்க வேண்டும். 119 ரூபாயோடு நின்றுவிட்டேன்.

சட்ட நிலையும் மாறிவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் ஊதியச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதில் கூட்டுறவுக் கடன் இருந்தால் 75 சதவீதம் என்ற வழி இல்லை; பிடித்தம் மொத்தமாகப் பாதிக்கு மேல் போகக் கூடாது. இவருடைய கணக்கில் அந்த வரம்பைப் போட்டுப் பார்த்தால் மாதம் 3,115 வரை பிடிக்கலாம், கைக்கு 9,000 நிற்கும். அந்த வெள்ளைத் தாளில் நாங்கள் எழுதிய செலவுக்கு அது இன்னும் 1,000 ரூபாய் குறைவு.